புரொஜெக்டரில் கேம்: எங்கே வைப்பது, எங்கே சொருகுவது?

கேள்வி: அறையின் நீளம் 3 மீட்டர். 100 இன்ச் படம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். 80 இன்ச்சைத் தாண்டவே இல்லை. பழுதா?

பழுது இல்லை. எவ்வளவு தூரத்தில் 100 இன்ச் வரும் என்பதை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். விவரப் பட்டியலில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். படத்தின் அகலத்தை அதனால் பெருக்கினால், லென்ஸிலிருந்து சுவர் வரை எவ்வளவு தூரம் வேண்டும் என்று தெரிந்துவிடும். 100 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 2.2 மீட்டர்தான். உங்கள் எண் 1.5 என்றால் 3.3 மீட்டர் தேவை. உங்கள் அறையிலோ புரொஜெக்டரின் உடம்பும் பின்னால் கேபிள் வளைவதும் 30 செ.மீ. பிடித்துக்கொள்ளும். மீதி 2.7 மீட்டர். அதை 1.5-ஆல் வகுத்தால் அகலம் 1.8 மீட்டர், அதாவது மூலைக்கு மூலை 81 இன்ச். மாற்றித் தருவார்கள் என்றால் த்ரோ ரேஷியோ 1.2 அல்லது அதற்குக் கீழே உள்ளதைக் கேளுங்கள். விற்றவர் அறையின் நீளத்தைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் மேல் தவறு இல்லை.

கேள்வி: நடுவில் வைக்க இடமில்லை. ஓரமாக வைத்து, கீஸ்டோன் போட்டுப் படத்தை நேராக்கிக்கொள்ளலாமா?

படம் பார்க்க மட்டும் என்றால் சரி. கேமுக்கு வேண்டாம்.

கேள்வி: '1 மில்லிசெகண்ட்' என்று போட்டிருந்தது. பட்டனை அழுத்தினால் ஆள் நிதானமாகத் தாவுகிறான். மானிட்டரில் இப்படி இல்லை. ஏமாந்துவிட்டேனா?

ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். அந்த 1 மில்லிசெகண்ட், ஒரு புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம். உங்களுக்கு வேண்டியது இன்புட் லேக்: கன்சோல் அனுப்பிய படம் சுவரில் விழ ஆகும் நேரம். இரண்டும் வேறு. பெட்டிமேல் முதல் எண்ணைப் பெரிதாக அச்சடித்து இரண்டாவதை மறைப்பதை எத்தனை முறை எழுதினாலும் என் கோபம் தீரவில்லை.

60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட். புரொஜெக்டர் இரண்டு பிரேமுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செய்து சொருக நினைத்தால், அடுத்த பிரேம் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். கோணலைத் திருத்தும் கீஸ்டோனும் பிரேமைப் பிடித்துவைத்துத்தான் வளைக்கிறது. இப்படி ஒவ்வொன்றும் சேர்ந்து 100 மில்லிசெகண்ட் வரை போய்விடும். கேம் மோட் இந்த வேலைகளை நிறுத்துகிறது. பல மாடல்களில் கீஸ்டோன் போட்டிருந்தால் கேம் மோடின் பலனே போய்விடும். அதனால்தான் மேலே ஒரே வரியில் வேண்டாம் என்றேன்.

நீங்களே அளந்து பாருங்கள். கன்சோலை 1080, 60 ஹெர்ட்ஸில் வைத்து, ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வழியாக மானிட்டருக்கும் புரொஜெக்டருக்கும் ஒரே படத்தை அனுப்புங்கள். மானிட்டரைச் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் சேர்த்துப் போனில் 240 பிரேம் ஸ்லோ மோஷனில் எடுங்கள். மெனுவில் கர்சர் நகரும் கணத்தைப் பிடித்து, மானிட்டரில் நகர்ந்த பிறகு சுவரில் நகர எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். போன் வீடியோவில் ஒரு பிரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். 24 பிரேம் என்றால் மானிட்டரைவிட 100 மில்லிசெகண்ட் பிந்துகிறது. கீஸ்டோனைப் பூஜ்யமாக்கி, கேம் மோட் போட்டு மறுபடி எண்ணுங்கள். 12-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த வீடியோவைக் காட்டித் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: புளூடூத் ஸ்பீக்கர் இணைத்தேன். துப்பாக்கி சுட்ட பிறகு சத்தம் வருகிறது. விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினால் சரியாகுமா?

ஆகாது, வாங்காதீர்கள். புளூடூத் சத்தத்தைச் சுருக்கி, அனுப்பி, சேர்த்துவைத்து, பிறகுதான் ஒலிக்கும். 150, 200 மில்லிசெகண்ட் சாதாரணம். சினிமாவில் படத்தையும் அதே அளவு பிந்தவைத்துச் சமாளிக்கலாம். கேமில் முடியாது. புரொஜெக்டரின் 3.5 மி.மீ. ஆடியோ அவுட்டிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்பீக்கரைச் சுவர்ப் படத்தின் கீழே வையுங்கள். புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்தால் எதிரியின் காலடி உங்கள் தலைக்குப் பின்னால் கேட்கும்.

கேள்வி: என் புரொஜெக்டரில் ஆடியோ அவுட்டே இல்லை. விலை குறைவு என்று விவரம் பார்க்காமல் எடுத்துவிட்டேன். ஸ்பீக்கரை எங்கே சொருகுவது?

புரொஜெக்டரின் பின்பக்க போட்டோவைப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்குமா? இனி கன்சோலுக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் சத்தத்தைப் பிரித்துத் தரும் எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் ஒன்று போட்டு, ஸ்பீக்கரை அதில் சொருக வேண்டும். வாங்குவதற்கு முன், உங்கள் கன்சோல் அனுப்பும் 4கே-வையும் ஹெர்ட்ஸையும் அது கடத்துமா என்று இந்த முறையாவது பாருங்கள்.

கேள்வி: கன்சோல் முன்னால், புரொஜெக்டர் பின்னால். 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் 4கே போட்டால் படம் விட்டுவிட்டுக் கறுப்பாகிறது. 1080-இல் சரியாக இருக்கிறது.

செப்புக் கேபிள் அவ்வளவு நீளத்தில் 4கே-வைப் பெரும்பாலும் தாங்குவதில்லை. அப்படி ஒன்றை வாங்கி நானும் பணத்தை வீணடித்திருக்கிறேன். ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் தாங்கும். அதற்குத் திசை உண்டு: 'Source' என்று எழுதிய முனை கன்சோலுக்கு, 'Display' புரொஜெக்டருக்கு. மாற்றிச் சொருகினால் படமே வராது. செலவில்லாத வழி, கன்சோலைப் புரொஜெக்டர் பக்கத்துக்குக் கொண்டுவந்து 2 மீட்டர் கேபிளில் இணைப்பது. கன்ட்ரோலருக்கு ஒயர் தேவையில்லை. முன்னால் போக வேண்டியது ஸ்பீக்கர் ஒயர் மட்டும்தான்.