புது ஆசிரியர்களுக்கு முதல் நாள் என்ன சொல்வது? ஓய்வுபெற்ற பிரின்சிபால் ஒருவரின் பதில்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ், மலையாளம் இரண்டு மீடியமும் உள்ள பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம், புதிதாகப் பிரின்சிபால் ஆனவர்: ஜூன்ல ஆறு புது ஆசிரியர்கள் சேர்றாங்க சார். பேச்சு எழுதி வச்சிருக்கேன். பாடக்குறிப்பு தவறாம எழுதணும், நேரத்துக்கு வரணும், பிள்ளைகளை அன்பா நடத்தணும், எந்தக் கஷ்டம்னாலும் எப்ப வேணாலும் என்கிட்ட வரலாம். இது போதுமா?

கடைசி வரியைத்தான் நான் முதலில் அடிப்பேன். தகுதிகாண் காலம் முடிந்ததா இல்லையா என்று கையெழுத்துப் போடப்போகிறவர் நீங்கள். "எட்டாம் வகுப்பு என் பேச்சைக் கேட்கவே மாட்டேங்குது" என்று உங்களிடமே வந்து யார் சொல்வார்கள்? பெற்றோர் புகாரோடு வந்து நிற்கும்போதுதான் விஷயம் உங்களுக்குத் தெரியவரும்.

அதனால் உதவிக்கு ஒரு ஆளையும் ஒரு நேரத்தையும் பேர் சொல்லிக் கொடுங்கள். எட்டாம் வகுப்பு தமிழ் மீடியத்துக்கு ஒரு கணக்கு டீச்சர் புதிதாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே பாடம் எடுக்கும் மூத்த டீச்சர் ஒருவருக்கும் இவருக்கும் செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பீரியட் சேர்ந்தாற்போல் காலியாக இருக்கும்படி டைம்டேபிள் போடுங்கள். பேச்சில் இப்படிச் சொல்லலாம்: "செவ்வாய் ஐந்தாம் பீரியட் உங்க ரெண்டு பேருக்கும். அந்த வாரம் சரியா வராத ஒரு பாடத்தை நீங்க எடுத்துட்டுப் போகணும். அங்க பேசுறது என் காதுக்கு வர வேண்டாம்." கடைசி வாக்கியத்தை மூத்த டீச்சர் முன்னாலேயே சொல்லுங்கள். அவருக்கும் சேர்த்துத்தான் அது.

இதில் கவனியுங்கள், எதிர்பார்ப்பும் உதவியும் தனித்தனியாக இல்லை. அவர் பாடத்தோடு போக வேண்டும், நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே மூச்சில் இரண்டும் வந்துவிட்டது. மற்ற வரிகளையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். நேரத்துக்கு வரச் சொல்கிறீர்கள். பொள்ளாச்சியிலிருந்து வருகிறவருக்கு பஸ் தவறினால் யாருக்குப் போன் செய்வது, முதல் பீரியடை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலம் ஆரம்பித்துக் காய்ச்சல் லீவு கூடும்போது, பறிபோகிற முதல் பீரியட் இந்தச் செவ்வாய் ஐந்தாவதுதான். இரண்டு பேர் காலியாக இருக்கிறார்கள் என்று பார்த்ததும் சப்ஸ்டிடியூஷன் போடுகிறவர் கை அங்கேதான் போகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து அந்த டீச்சரிடம் "எப்படிப் போகுதும்மா" என்று கேட்டால் "நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக சப்ஸ்டிடியூஷன் ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். செவ்வாய் ஐந்தாவதில் அந்தப் பெயர்கள் இருந்தால் உங்கள் பேச்சு காற்றோடு போய்விட்டது என்று அர்த்தம். டைம்டேபிள் தாங்காது என்றால் அந்த வாக்குறுதியையே கொடுக்காதீர்கள்.

நல்லேப்பிள்ளி, ஓய்வுபெற்ற மாஷ்: எங்க காலத்துல இதெல்லாம் ஏது? பிரம்பைக் கையில கொடுத்து வகுப்புக்குப் போன்னாங்க, நாங்களும் நல்லாத்தான் நடத்துனோம். இப்பவும் கல்வி உரிமைச் சட்டம் பதினாலு வயசு வரைக்கும்தானே மாஷே? ஒம்பது, பத்தாம் வகுப்புல ரெண்டு தட்டு தட்டினா என்ன?

மாஷே, பாதி சரி. 2009 சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத்தான். அதன் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் அதற்கு மேல் வயதான பிள்ளை அடிக்குத் திறந்துவிட்ட மைதானம் அல்ல. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 18 வயது வரை பேசுகிறது. தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது அதன் 75ஆம் பிரிவில் குற்றம்.

பிரின்சிபால் இந்த இடத்தில் சட்டத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்காரக் கூடாது. கையை ஓங்காதே என்றால், ஓங்கத் தோன்றும் அந்த நிமிஷத்தில் என்ன செய்வது? எங்கள் பள்ளியில் நான் சொன்னது இது: வகுப்புத் தலைவனிடம் ஒரு சீட்டுக் கொடுத்துப் பக்கத்து வகுப்புக்கு அனுப்புங்கள். அந்த ஆசிரியர் வந்து ஐந்து நிமிஷம் வகுப்பைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் வராந்தாவில் அந்தப் பையனோடு பேசலாம். சீட்டு அனுப்பியதை யாரும் குறையாக எழுத மாட்டார்கள். பையனைத் தனியே வெளியே நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. நின்ற பையன் காம்பவுண்டைத் தாண்டிப் போனால் பொறுப்பு யாருக்கு?

உடுமலையிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஆசிரியை: எனக்கு வரவேற்புப் பேச்சே புரியலைங்க சார். முழுக்க மலையாளம். எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன். இப்பவும் ஸ்டாஃப் மீட்டிங்ல பாதி விட்டுப்போகுது. நான் என்னங்க செய்யறது?

பிரின்சிபாலுக்கான கேள்வி உங்கள் கேள்வியாகிவிட்டதும்மா, ஆனாலும் நல்ல கேள்வி. சர்க்குலர் மலையாளத்தில் வருகிறது, பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள், நடுவில் நீங்கள். மீட்டிங் முடிந்த அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் தமிழில் நாலு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். முழு மொழிபெயர்ப்புக் கேட்டால் ஒரு வாரம் தருவார்கள், பிறகு நின்றுபோகும்.

நீங்கள் மலையாளம் கற்க வேண்டுமா என்றால், வேண்டும். எத்தனை நாளில் என்பதில் எனக்கும் என் கூட வேலை பார்த்தவர்களுக்கும் கடைசி வரை ஒத்துவரவில்லை. ஒரு வருஷம் என்பேன் நான், ஓணப் பரீட்சைக்குள் என்பார்கள் அவர்கள். எதுவானாலும் அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

வண்டித்தாவளம், பி.டி.ஏ. உறுப்பினர்: பள்ளி திறக்கிற அன்னிக்குப் புதுப் பிள்ளைகளை வரவேற்கிற பிரவேசனோற்சவத்துக்கு நானும் பேசணும் சார். பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்களேன்.

அது வேறு மேடைங்க. பலூனும் மிட்டாயும் இருக்கும் இடத்தில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள், கதையே தேவைப்படாது.

வேலந்தாவளம், தனியார் பள்ளி வைஸ் பிரின்சிபால்: வகுப்பைப் பார்க்க வருவோம்னு முதல் நாளே சொன்னா பயந்துட மாட்டாங்களா? சொல்லாமப் போனாத்தானே உண்மை தெரியும்?

சொல்லாமல் போனால் தெரிவது பயந்த ஆசிரியரும் திடீரென்று அடங்கிய வகுப்பும்தான். மூன்றாவது வாரம் வருவேன், இருபது நிமிஷம் கடைசி பெஞ்சில் உட்காருவேன், ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். கேள்வி கேட்டால் எத்தனை பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள் என்பது போதும். முதல் முறை படிவம் நிரப்ப வேண்டாம். அன்று மாலைக்குள் பார்த்ததைச் சொல்லிவிடுங்கள், இரண்டு நாள் தள்ளினால் அவர் தூங்க மாட்டார். சொல்லாமல் போக வேண்டிய வகுப்பும் உண்டு, புகார் வந்த வகுப்பு. அதையும் முதல் நாளே தெரிவித்துவிட்டால் பின்னால் துரோகமாகத் தெரியாது.

முதலில் கேட்ட பிரின்சிபால்: சரிங்க சார். எவ்வளவு நேரம் பேசலாம், எப்ப வச்சுக்கலாம்?

பதினைந்து நிமிஷம், காலையில், முதல் மணி அடிப்பதற்கு முன் அல்ல, அட்டெண்டன்ஸ் பதற்றம் தீர்ந்த பிறகு. சாயங்காலம் வைத்தால் எல்லாருக்கும் பஸ் நினைப்புத்தான். பேரும் பீரியடும் போன் நம்பரும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். மூத்த ஆசிரியர்களையும் அதே அறையில் உட்கார வையுங்கள். பொங்கலுக்கு இந்த மாவட்டத்தில் லீவு உண்டா என்று யாராவது கேட்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள்.