1/6 மட்டும்தான் சரியா?

"பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கூகுள் ஃபார்மில் கணக்குத் தேர்வு வைத்தேன். இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 7 வர நிகழ்தகவு காண்க என்ற கேள்விக்கு கீயில் 1/6 என்று போட்டிருந்தேன். 6/36, 0.17 என்று எழுதியவர்களுக்குப் பூஜ்ஜியம் விழுந்துவிட்டது. பெற்றோர் கேட்கிறார்கள், என்ன செய்ய?"

6/36-க்கு முழு மதிப்பெண் கொடுங்கள், இதில் யோசிக்கவே வேண்டாம். 36 விளைவுகளில் 6 சாதகம் என்று கணக்கைப் புரிந்து எழுதிய பிள்ளை அது. 0.17 வேறு கதை. அதை 6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.02 வருகிறது, 1 இல்லை. அதாவது அது சமமான விடை இல்லை, தோராயம். ஆனால் எந்த வடிவில் வேண்டும் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, அதனால் இந்த முறை கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை "பின்னமாக எழுதுக" என்றோ "இரண்டு தசம இடத்திருத்தமாக" என்றோ கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். 0.16 என்று எழுதியவருக்குக் கிடையாது, அது முழுதாக்காமல் வெட்டிவிட்டது.

சுருக்காத விடையை ஏற்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். "காண்க" என்றால் மதிப்பைக் கேட்கிறோம், எந்த வடிவில் வந்தாலும் மதிப்பு சரியாக இருந்தால் போதும். "சுருக்குக", "எளிய வடிவில் எழுதுக" என்றால் வடிவம்தான் கேள்வியே. 24/36-ஐ எளிய வடிவில் எழுதச் சொன்னால் 12/18 மதிப்பில் சமம்தான், ஆனாலும் கேட்ட வேலை பாதியில் நிற்கிறது, 2/3 மட்டுமே விடை. 12/18-ஐ ஏற்றால் 24/36-ஐ அப்படியே திருப்பி எழுதியவருக்கும் மதிப்பெண் போட வேண்டி வரும். ஆனால் காண்க என்று கேட்டு, கூடவே எளிய வடிவிலும் கேட்டிருந்தால், சுருக்காததற்கு ஒரு பங்கு குறையுங்கள், முழுதையும் பிடுங்காதீர்கள்.

இன்னொன்று, காசுக்கு விற்கிற வினாத்தொகுப்புகளோடு வரும் கீயை நம்பவே நம்பாதீர்கள். வரிக்கு ஒரு விடை போட்டு விற்றுவிடுவார்கள், மாற்று விடை ஒன்றுகூட இருக்காது. ஆரம் 7, உயரம் 10 உள்ள உருளையின் கன அளவுக்கு 22/7 போட்டால் 1540, 3.14 போட்டால் 1538.6. கேள்வியில் π மதிப்பு இல்லை, கீயில் 1540 மட்டும் இருக்கும். எக்செல் வழியாக வந்த கீயானால் 1/6 தேதியாகவே மாறியிருக்கும், அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். கேள்வி எழுதும்போதே கீயையும் எழுதுகிற வழக்கம் ஏன்தான் நம் ஊரில் வரமாட்டேன் என்கிறதோ!

ஃபார்மைப் பொறுத்தவரை, அது மதிப்பைப் பார்க்காது, எழுத்தை மட்டும்தான் ஒப்பிடும். அதனால் 1/6, 6/36, 2/12, 3/18 என்று தனித்தனியாகச் சேருங்கள், நடுவில் இடைவெளி விட்ட 1 / 6-ஐயும்தான். மற்ற விடைகளைத் தவறாகக் கொள் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வந்த பதில்களைக் கேள்வி வாரியாகத் திறந்தால், ஒரே விடை எழுதியவர்கள் ஒரு கட்டாக நிற்பார்கள், அங்கேயே 6/36, 0.17 கட்டுகளுக்கு மதிப்பெண் போட்டு, பெற்றோரிடம் திருத்திய மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.