சாய்வு மாறவில்லை, நெகிழ்ச்சி ஏன் மாறுகிறது?

கேள்வி: தேவைச் சார்பு q = 120 − 2p என்று கொடுத்திருக்கிறார்கள். dq/dp எங்கே பார்த்தாலும் −2 தான். அப்படியென்றால் நெகிழ்ச்சியும் ஒரே எண்ணாகத்தானே இருக்க வேண்டும்? விலையை ஏற்றினால் வருவாய் ஏறுமா இறங்குமா என்று வகைக்கெழுவை வைத்து எப்படிச் சொல்வது?

பதில்:

வகைக்கெழு அப்புறம் வரட்டும். முதலில் அந்தக் கோட்டில் இரண்டு இடங்களை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு இது விளங்கியது அப்படித்தான். அதுவரை சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடை எழுதிக்கொண்டிருந்தேன்.

விலை 10 ஆக இருக்கும்போது 100 அலகு விற்கிறது, வருவாய் 1000. விலையை 11 ஆக்கினால் விற்பனை 98 ஆகிறது. இரண்டு அலகு கைவிட்டுப் போயிற்று; பழைய விலைப்படி அதனால் போனது 2 × 10 = 20. மிச்சமுள்ள 98 அலகும் தலைக்கு 1 கூடுதலாகத் தருகின்றன, அது 98. கூடியது 98, போனது 20, நிகரமாக 78 ஏறுகிறது. புது வருவாய் 1078.

இப்போது விலை 50-க்குப் போவோம். 20 அலகு விற்கிறது, வருவாய் இங்கேயும் 1000 தான். விலையை 51 ஆக்கினால் விற்பனை 18. இங்கேயும் போனது இரண்டே அலகு. ஆனால் ஒவ்வொன்றும் 50 பெறுமானமுள்ளது என்பதால் 100 போய்விட்டது. தங்கியிருப்பவை 18 தான், அவை கூடுதலாகத் தருவதும் 18 தான். நிகரமாக 82 இறங்கி வருவாய் 918 ஆகிறது.

இரண்டு இடத்திலும் தொடக்க வருவாய் ஒன்று, விலையேற்றம் ஒன்று, இழந்த அலகும் இரண்டு. நீங்கள் சொல்லும் −2 மாறவே இல்லை. மாறியது, போன அலகு ஒவ்வொன்றும் என்ன விலை பெற்றது என்பதும், கூடுதல் விலையைத் தர எத்தனை அலகு மிஞ்சியிருக்கிறது என்பதும்தான். அதாவது p மாறியது, q மாறியது. நெகிழ்ச்சிக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன, சாய்வுக்குள் இல்லை.

சரி, இதையே வகையிட்டுப் பார்ப்போம். வருவாய் R = p · q(p). இது p-யைச் சார்ந்த இரண்டின் பெருக்கல், ஆகவே பெருக்கல் விதி:

dR/dp = q + p · (dq/dp)

மேலே கையால் போட்டதுதான் இங்கே எழுத்தில் நிற்கிறது. முதல் உறுப்பு q, தங்கியிருக்கும் அலகுகள் தரும் கூடுதல். இரண்டாவது உறுப்பு, போன அலகுகளால் வரும் இழப்பு. dq/dp எதிர்மறை என்பதால் அது தானாகவே கழிகிறது. p = 10 என்று போட்டால் 100 − 20 = 80. p = 50 என்று போட்டால் 20 − 100 = −80.

கையால் போட்டபோது 78-உம் −82-உம் வந்தன, வகைக்கெழு 80, −80 என்கிறது. இந்த 2 எங்கே போயிற்று? வகைக்கெழு 100 அலகும் கூடுதல் விலையைத் தரும் என்று எண்ணுகிறது. உண்மையில் தந்தது 98. போய்விட்ட 2 அலகும் தராமல் விட்ட 1 × 2 = 2 தான் அந்த வித்தியாசம். விலையை 1-க்குப் பதில் 0.1 மட்டும் ஏற்றிப் பாருங்கள். வருவாய் 1007.98 ஆகும், வகைக்கெழு சொன்னது 8, நடந்தது 7.98. விலையேற்றம் பத்தில் ஒரு பங்கானால் பிழை நூறில் ஒரு பங்காகிறது. விலையேற்றத்தைச் சுருக்கச் சுருக்க வகைக்கெழுவின் சொல் சரியாகிக்கொண்டே போகிறது.

அடுத்து q-வைப் பொதுக் காரணியாக வெளியே எடுங்கள்:

dR/dp = q · [1 + (p/q) · (dq/dp)] = q · (1 + E)

அடைப்புக்குள் இருக்கும் E = (p/q) · (dq/dp) தான் தேவையின் விலை நெகிழ்ச்சி. விலை 1 சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் மாறும் என்பதே அதன் பொருள். q நேர்மறை எண், ஆகவே வருவாய் ஏறுமா இறங்குமா என்பதை (1 + E)-யின் குறி மட்டுமே முடிவு செய்கிறது. E, −1-க்கும் 0-வுக்கும் நடுவில் இருந்தால் விலையேற்றம் வருவாயை ஏற்றும். −1-க்குக் கீழே போய்விட்டால் இறக்கும். விற்பனை எத்தனை சதவீதம் போகிறது, விலை எத்தனை சதவீதம் ஏறுகிறது, எது பெரியது என்பதுதான் போட்டி.

ஒரு எச்சரிக்கை. பல பாடநூல்கள் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு நெகிழ்ச்சியை நேர்மறை எண்ணாகவே எழுதுகின்றன. அவற்றில் மேலுள்ள சூத்திரம் q(1 − E) என்று நிற்கும். இரண்டும் ஒன்றுதான், கலந்துவிட்டால்தான் ஆபத்து. தேர்வுத்தாளில் முதல் வரியிலேயே எந்தக் குறியைப் பின்பற்றுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

உங்கள் கணக்கில் E = −2p / (120 − 2p), சுருக்கினால் −p / (60 − p). இந்த வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இதை விலை அச்சின் மேல் கண்ணாலேயே பார்க்கலாம். 60 என்பது விற்பனை சுத்தமாக நின்றுபோகும் விலை. சுழியிலிருந்து இப்போதைய விலை வரை வந்த தூரம் மேலே, அங்கிருந்து 60 வரை மிச்சமுள்ள தூரம் கீழே. விலை 10-இல் 10/50, அதாவது E = −0.2. விலை 50-இல் 50/10, E = −5. வந்த தூரமும் மிச்ச தூரமும் சமமாகும் இடம் சரிபாதி, p = 30. அங்கே E = −1, dR/dp = 0, வருவாய் 30 × 60 = 1800. R = 120p − 2p² என்று நேரடியாக வகையிட்டாலும் 120 − 4p = 0 என்று அதே 30 வரும். இரண்டாம் வகைக்கெழு −4 என்பதால் அது பெரும மதிப்புதான்.

உங்கள் சந்தேகத்தை முழுதாகத் தீர்க்க, தலைகீழான ஒரு சார்பையும் பாருங்கள்: q = 600/p. இதில் சாய்வு −600/p², புள்ளிக்குப் புள்ளி மாறுகிறது. ஆனால் நெகிழ்ச்சி எங்கும் −1. விலை எதுவானாலும் வருவாய் 600 தான், அசையவே அசையாது. நேர்கோட்டில் சாய்வு நிலையானது, நெகிழ்ச்சி மாறுகிறது. இந்த வளைவில் நெகிழ்ச்சி நிலையானது, சாய்வு மாறுகிறது.

வருவாய் பெருமமாகும் நிபந்தனையைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ 1838-லேயே வகைக்கெழுவாக எழுதிவிட்டார். தேவைச் சார்பை F(p) என்று வைத்து, F(p) + pF′(p) = 0 என்றார். நாம் மேலே எழுதிய பெருக்கல் விதி அப்படியே அதுதான். நெகிழ்ச்சி என்ற பெயர் பிற்பாடு ஆல்ஃபிரட் மார்ஷல் வழியாகப் பரவியது.

இனி, மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம். E ஒரு புள்ளிக்கு மட்டும் உரியது. விலை 20-இல் E = −0.5. ‘விலையை 100 சதவீதம் ஏற்றினால் விற்பனை 50 சதவீதம்தான் குறையும், மொத்தத்தில் வருவாய் எப்படியும் ஏறும்’ என்று எழுதினால் தவறு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 20-இல் 80 அலகு, வருவாய் 1600. 40-இல் 40 அலகு, வருவாய் அதே 1600. விற்பனை 50 சதவீதம் குறைந்தது என்னவோ சரிதான், ஆனால் வருவாய் ஒரு துளியும் ஏறவில்லை. 20-லிருந்து 30 வரை ஏறியது அத்தனையும் 30-லிருந்து 40 வரை இறங்கிவிட்டது. போகும் வழியில் நெகிழ்ச்சி −0.5-லிருந்து −2 வரை மாறியதைத் தொடக்கப் புள்ளியின் E-க்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பெரிய மாற்றம் என்றால் இரண்டு முனைகளின் சராசரியை வைத்துச் சதவீதம் எடுங்கள். விற்பனை மாற்றம் −40, சராசரி விற்பனை 60. விலை மாற்றம் 20, சராசரி விலை 30. (−40/60) ÷ (20/30) = −1. வருவாய் மாறவில்லை என்பதை இது சரியாகச் சொல்லிவிடுகிறது. தற்செயல் அல்ல: p₁q₁ = p₂q₂ என்றால், தேவைச் சார்பு எப்படி வளைந்தாலும், சராசரி முறையில் −1 தான் வரும். இரண்டே வரியில் நிறுவிவிடலாம், முயன்று பாருங்கள்.

இதே காரணத்தால், தேவைக் கோட்டைத் தரவிலிருந்து வரைந்தவர்கள் எந்த விலை எல்லைக்குள் விற்பனையைப் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 25-க்கும் 35-க்கும் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு 50-இல் E = −5 என்றால், அது கோட்டை நீட்டிப் பெற்ற எண். அங்கே தேவை உண்மையில் எப்படி வளைகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு குழப்பம் dR/dp-யையும் dR/dq-வையும் ஒன்றாக எண்ணுவது. இறுதிநிலை வருவாய் என்று சொல்வது dR/dq. p = 60 − q/2 என்று திருப்பி எழுதினால் R = 60q − q²/2, dR/dq = 60 − q. விலை 10-இல், அதாவது q = 100-இல், இது −40. dR/dp-யோ +80. முரண்பாடு போலத் தெரியும், ஆனால் இல்லை. கூடுதலாக ஓர் அலகு விற்க விலையை இறக்க வேண்டும். விலையை ஏற்றினால் வருவாய் ஏறும் இடத்தில், இறக்கினால் வருவாய் இறங்கத்தானே செய்யும்?

கடைசியாக ஒன்று. E = −1 வருவாயின் உச்சம், லாபத்தின் உச்சம் அல்ல. ஓர் அலகுக்குச் செலவு 10 என்று வையுங்கள். லாபம் (p − 10)(120 − 2p), வகையிட்டால் 140 − 4p = 0, p = 35. அங்கே E = −35/25 = −1.4. வருவாய் 1800-லிருந்து 1750-ஆகக் குறைகிறது, ஆனால் 60-க்குப் பதில் 50 அலகுதான் என்பதால் செலவு 600-லிருந்து 500 ஆகிறது. லாபம் 1200-லிருந்து 1250. கூடுதல் அலகுக்குக் கூடுதல் செலவே இல்லாத பொருளுக்கு மட்டும்தான் இரண்டு உச்சமும் ஒரே விலையில் வரும்.