விலையேற்ற ஷரத்து: சப்ளையரிடம் உட்காரும் முன் (கேள்வி பதில்)

கேள்வி: மூன்று வருட ஒப்பந்தம் போடப்போகிறோம். மூலப்பொருள் குறியீட்டெண் எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அத்தனை சதவீதம் விலையையும் ஏற்ற வேண்டும் என்கிறார் சப்ளையர். நியாயமாகத்தானே தெரிகிறது?

பதில்: கேட்க நியாயமாக இருக்கும், கணக்கில் உதைக்கும். அவர் உங்களுக்கு விற்கும் விலை முழுவதும் மூலப்பொருள் இல்லையே. கிலோ 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 60 தான் பொருள், மீதி 40 கூலி, மின்சாரம், தேய்மானம், லாபம். குறியீட்டெண் 20% ஏறினால் அந்த 60 மட்டும் 72 ஆகும், விலை 112. அவர் கேட்பதோ 120. ஷரத்தை வார்த்தையில் எழுதாமல் சூத்திரமாகவே எழுதிவிடுங்கள், அப்போதுதான் பின்னால் வாய்த்தகராறு வராது:

```
P = P0 × (0.40 + 0.60 × M / M0)
```

P என்பது புதிய விலை, P0 முதலில் பேசிய விலை, M இப்போதைய குறியீடு, M0 அடிப்படை மாதத்தின் குறியீடு. அந்த 0.60 எங்கிருந்து வருகிறது என்பதுதான் பேரத்தின் பாதி. செலவு விவரத்தைக் கேளுங்கள். முழுதாகக் காட்ட மாட்டார், பரவாயில்லை. ஒரு கிலோ சரக்குக்கு எவ்வளவு பொருள் போகிறது, சேதாரம் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் நீங்களே கிட்டத்தட்டப் போட்டுவிடலாம்.

கேள்வி: நான்தான் மறுபடி. 60% என்பதை உடனே ஒத்துக்கொண்டார், ஆச்சரியமாக இருக்கிறது. அடிப்படை மாதம் மட்டும் போன டிசம்பராக இருக்கட்டும் என்றார்.

பதில்: ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, விட்டதை அங்கே பிடிக்கிறார். நீங்கள் 100 என்று விலை பேசிய மாதம் குறியீடு என்ன, டிசம்பரில் என்ன என்று பாருங்கள். பேசியபோது 200, டிசம்பரில் 180 என்று இருந்து, நாளை 240 ஆனால், டிசம்பர் கணக்குப்படி 240 / 180 = 1.333, அதை 0.60 ஆல் பெருக்கினால் 0.80, 0.40 ஐக் கூட்டினால் 1.20. மறுபடியும் அதே 120! எந்த மாதக் குறியீட்டை மனதில் வைத்து P0 பேசப்பட்டதோ அந்த மாதம்தான் M0, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நாள் விலையை எடுக்காமல் மாதச் சராசரியை எடுப்பது இருவருக்கும் நல்லது.

கேள்வி: இவ்வளவு கணக்கு எதற்கு? வருடத்துக்கு 10% க்கு மேல் ஏற்றக்கூடாது என்று உச்சவரம்பு போட்டால் முடிந்தது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: பாதி சரி. உச்சவரம்பு வேண்டும். ஆனால் சந்தை அதைத் தாண்டி ஓடும்போது சப்ளையர் ஒவ்வொரு கிலோவிலும் கைக்காசு போடுகிறார், அப்புறம் சரக்கு தாமதமாகும், அளவு குறையும், இயந்திரம் பழுது என்பார். காகிதத்தில் விலை பத்திரம், உங்கள் லைன் நின்றுபோயிருக்கும். அதனால் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள்: 30 நாள் பேச்சு, அதுவரை வரம்பு விலையில் முழு அளவு சப்ளை, ஒத்துவராவிட்டால் எவரும் விலகலாம். கீழ்வரம்பும் கேட்பார். கேட்பது நியாயம்தான்.

கேள்வி: எங்கள் கதை வேறு. இரண்டு மாதமாகக் குறியீடு இறங்குகிறது, பில்லில் பைசா குறையவில்லை. ஏமாற்றுகிறாரா?

பதில்: ஷரத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. முந்தைய காலாண்டுச் சராசரிப்படி விலை என்று இருந்தால் இந்த இறக்கம் அடுத்த காலாண்டில்தான் வரும், ஏறும்போதும் அதே தாமதம் உங்களுக்குச் சாதகமாக இருந்திருக்கும். ஆனால் "சப்ளையர் கோரினால் விலை திருத்தப்படும்" என்று மட்டும் இருந்தால் சிக்கல், இறங்கும்போது அவர் ஏன் கோரப்போகிறார்? காலாண்டின் முதல் வாரத்தில் கணக்கு தானாகவே ஓட வேண்டும், யாரும் கேட்கத் தேவையில்லாமல்.

கேள்வி: நான் விற்கும் பக்கம். குறியீடு 5% க்குள் மாறினால் விலை மாறாது என்கிறார் வாங்குபவர். ஒவ்வொரு காலாண்டும் 4% ஏறினால் நான் என்ன செய்வது?

பதில்: போன காலாண்டோடு ஒப்பிட்டால் நீங்கள் காலி. கடைசியாக விலை திருத்திய குறியீட்டோடு ஒப்பிட வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள், இரண்டாவது காலாண்டிலேயே 8% தாண்டிவிடும். அப்போது இன்னொரு கேள்வி வரும்: முழு 8% கணக்கா, 5% க்கு மேலுள்ள 3% மட்டுமா? பொருளின் பங்கு 60% என்றால், முதலாவது முறையில் விலை சுமார் 4.8% ஏறும், இரண்டாவதில் 1.8%. இரண்டு விதமாகவும் ஒப்பந்தங்கள் உண்டு. விற்பவராக நீங்கள் முழுசாகக் கேட்பீர்கள், நான் வாங்கும் பக்கம் உட்கார்ந்தால் 3% என்பேன்.