சர்க்கரை நோயும் தினசரி முட்டையும்

“வயது 52, சர்க்கரை மாத்திரை எடுக்கிறேன். காலையில் தினமும் இரண்டு அவித்த முட்டை சாப்பிடலாமா, மஞ்சள் கருவை விட்டுவிட வேண்டுமா?”

வணக்கம். முட்டையில் மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் குறைவு என்பதால் அது சர்க்கரையை ஏற்றுவதில்லை. பார்க்க வேண்டியது மஞ்சள் கருவிலுள்ள ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ராலைத்தான். 2015இல் வெளியான சிட்னி ஆய்வொன்றில், வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு முட்டை சாப்பிட்ட நீரிழிவுக்காரர்களுக்கும் நீரிழிவை நெருங்கியவர்களுக்கும் மூன்று மாதத்தில் கொழுப்பு அளவு மோசமாகவில்லை. ஆனால் வெண்ணெய் போன்றவற்றைக் குறைத்து நல்ல எண்ணெய்க்கு மாறும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே நாளுக்கு ஒரு முழு முட்டை, இரண்டாவதில் வெள்ளைக்கரு மட்டும் என்பதே என் கணக்கு. நான்கு இட்லிக்கு மேல் முட்டையையும் சேர்த்தால் பயனில்லை. இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் முட்டையை வைத்தால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் எடுக்கும் சர்க்கரை அளவே வித்தியாசத்தைக் காட்டும். மாத்திரை கிளிமிபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்போனைல்யூரியா வகையென்றால், இட்லியைக் குறைக்குமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பரிசோதித்து, ஏறியிருந்தால் மஞ்சள் கருவை வாரம் மூன்றாகக் குறையுங்கள். இதய நோயோ சிறுநீரகக் குறைபாடோ இருந்தால் இந்த எண்ணிக்கையை மருத்துவரே முடிவு செய்யட்டும்.