காளை இருந்தும் கண் கூட்டத்துக்குப் போகிறது

“அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுப் படத்தை ஏ3 போஸ்டருக்கு வெட்டினேன். காளையை மூன்றிலொரு பங்குக் கோட்டில் வைத்தும் கண் கூட்டத்துக்கே போகிறது.”

காளையின் உடலை அல்ல, அதன் கண்ணை, சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வையுங்கள். அது வலப்பக்கம் பாய்வதாக இருந்தால் இடப்பக்க மேற்புள்ளியைத் தேர்ந்து, முன்னால் விடும் வெற்றிடத்தில் எழுத்தை அமைக்கலாம். கோடுகளை மூலப்படத்தின் மீது அல்லாமல், வெட்டிய சட்டத்தின் மீதே போட வேண்டும்.

பார்ப்பவர் கண் விலகுவதற்கு, ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும் பளிச்சென்ற பனியனோ வெள்ளை வேட்டியோ காரணமாக இருக்கலாம். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதலில் தெரிவது காளையின் தலையாக இல்லாவிட்டால், அந்த ஓரம் வெளியேறும் வரை வெட்டை நெருக்குங்கள். அது காளையை ஒட்டியே நின்றால் வெட்டிப் பயனில்லை, அவ்விடத்தை மட்டும் சற்று இருட்டாக்குவதே வழி.

நெருக்கும்போது 1754 × 2480 பிக்சலுக்குக் கீழே இறங்காதீர்கள். ஏ3 தாளில் அது 150 டிபிஐ, சுவரில் தள்ளி நின்று பார்ப்பதற்குத்தான் போதும்.