கிளைக்குக் கிளை என்.பி.எஸ்.: ஒப்பிடும் முன் கேட்க வேண்டியவை

அறிக்கைப் பிரிவுக்குப் புதியவர்: எல்லா ரேட்டிங்கையும் கூட்டிச் சராசரி எடுத்தேன், 7.9 வந்தது. அதுதானே என்.பி.எஸ்.?

இல்லை. என்.பி.எஸ். என்பது நெட் ப்ரமோட்டர் ஸ்கோர், எங்களை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று வாடிக்கையாளரைக் கேட்டு எடுக்கும் அளவு. இதில் சராசரியே கிடையாது, தலைகளைத்தான் எண்ணுகிறோம். 0 முதல் 10 வரையிலான அளவில் 9, 10 கொடுத்தவர்கள் ப்ரமோட்டர்கள். 0 முதல் 6 வரை கொடுத்தவர்கள் டிட்ராக்டர்கள். நடுவில் 7, 8 கொடுத்தவர்கள் பாஸிவ்கள். ப்ரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் என்.பி.எஸ்.

ஒரு தெற்குக் கிளையை எடுத்துக்கொள்வோம். 400 பேர் பதில் சொன்னார்கள்: 200 ப்ரமோட்டர், 128 பாஸிவ், 72 டிட்ராக்டர். 50-லிருந்து 18 போக 32. இதற்குப் பின்னால் % குறி போடுவதில்லை, ஏனென்றால் இது இரண்டு சதவீதங்களின் வித்தியாசம், −100 வரை இறங்கவும் கூடும்.

பாஸிவ்கள் கழித்தலில் வருவதில்லை, ஆனால் வகுக்கும் எண்ணில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டு 272-ஆல் வகுத்தால் இதே கிளைக்கு 47 வந்து நிற்கும். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதால் இந்தத் தவறை யாரும் சந்தேகப்படுவதில்லை.

எக்செல் ஷீட் பார்ப்பவர்: கையால் எண்ணினால் 32, ஷீட்டில் 17 காட்டுகிறது. ஃபார்முலா சரியாகத்தான் இருக்கிறது.

A நிரலில் கிளை, B நிரலில் ரேட்டிங் என்றால் ஃபார்முலா இப்படி இருக்கும்:

```
=100*(COUNTIFS(A:A,"தெற்கு",B:B,">=9")-COUNTIFS(A:A,"தெற்கு",B:B,"<=6"))/COUNTIFS(A:A,"தெற்கு",B:B,">=0")
```

உங்களுடையதும் இதுவேதான் என்றால் கோளாறு தரவில் இருக்கிறது. கேள்வியைத் தாண்டிப் போனவர்களின் கட்டம் காலியாக இருந்தால் இந்த ஃபார்முலா அவர்களைத் தொடாது. ஆனால் எங்கோ ஒரு படியில் காலிக் கட்டங்கள் 0 ஆக மாறியிருந்தால், பதிலே சொல்லாதவர்கள் எல்லாரும் டிட்ராக்டர் ஆகிவிடுவார்கள். 50 பேர் அப்படிச் சேர்ந்தாலே 32 என்பது 17 ஆகிவிடும். 0 எத்தனை, 1 எத்தனை, 2 எத்தனை என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். 1, 2, 3-இல் ஆளே இல்லாமல் 0-இல் மட்டும் கூட்டமாக இருந்தால் அதுதான் காரணம்.

வடக்குக் கிளை மேலாளர்: எங்கள் கிளை 45, தெற்குக் கிளை 32. ஆனாலும் நாங்கள்தான் முதலிடம் என்பதைத் தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

உங்கள் கிளையில் பதில் சொன்னவர்கள் 40 பேர்: 24 ப்ரமோட்டர், 10 பாஸிவ், 6 டிட்ராக்டர். 60-லிருந்து 15 போக 45, கணக்கு சரி. இப்போது அந்த 24 பேரில் மூன்றே மூன்று பேர் அன்றைக்கு வரிசையில் அதிக நேரம் நின்று, கோபத்தில் 6 போட்டிருந்தால்? ப்ரமோட்டர் 21, டிட்ராக்டர் 9, என்.பி.எஸ். 30. தெற்குக்குக் கீழே போய்விடுகிறீர்கள்! தெற்கில் அதே மூன்று பேர் மாறினால் 32 என்பது 30.5 ஆகும், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. ப்ரமோட்டர் பங்கை P, டிட்ராக்டர் பங்கை D என்று 0.60, 0.15 போலப் பின்னமாகவும், n-ஐப் பதில்களின் எண்ணிக்கையாகவும் வையுங்கள்:

```
=196*SQRT((P+D-(P-D)^2)/n)
```

வடக்குக்கு ஏறத்தாழ ±23, தெற்குக்கு ±7 கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பிழை எல்லையை, இந்த இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துப் பெறலாம். அது 24 வரும். உங்களுக்கு நடுவே இருப்பதோ 13. நீங்கள் முந்தியிருக்கவும் கூடும், இல்லாமலும் இருக்கலாம். இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது.

புள்ளியியல் படித்த ஒருவர்: 30-க்கு மேல் சாம்பிள் இருந்தால் போதும் என்பார்களே. 40 இருக்கிறதே?

அந்த 30 வேறு ஒன்றுக்கான வழிகாட்டி. மேலே சொன்ன மாதிரியான சூத்திரத்தை ஓரளவு நம்பிப் பயன்படுத்தலாமா என்பதற்கு அது உதவும். கிடைக்கும் எல்லை குறுகலாக இருக்கும் என்று அது உறுதி தருவதில்லை. இந்தக் கிளைகளைப் போன்ற பரவலில் ±10-க்குள் வர ஏறத்தாழ 220 பதில்கள் வேண்டும். ±5 வேண்டுமென்றால் அதைப் போல நான்கு மடங்கு. சின்னக் கிளைக்கு ஒரு மாதத்தில் அது நடக்காது. ஆகவே மூன்று மாதம், ஆறு மாதம் என்று சேர்த்துப் பார்ப்பதுதான் நடைமுறை.

தலைமை அலுவலக அறிக்கை தயாரிப்பவர்: இரண்டு கிளைக்கும் சேர்த்து 38.5 என்று போட்டேன். சரிதானே?

45-ஐயும் 32-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறீர்கள். ஆட்களைச் சேர்த்து எண்ணினால் 224 ப்ரமோட்டர், 78 டிட்ராக்டர், மொத்தம் 440 பேர், ஆக 33. பெரும்பாலும் இதைத்தான் போட வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். வடக்கில் வாடிக்கையாளர்களே குறைவா, அல்லது வாடிக்கையாளர்கள் நிறைய இருந்தும் கேட்டது குறைவா? இரண்டு கிளைக்கும் வருகிறவர்கள் சம அளவு என்றால், 33 என்பது தெற்கின் குரலைத்தான் சொல்கிறது. அப்போது உங்கள் 38.5-தான் உண்மைக்குப் பக்கம். பதில்களின் எண்ணிக்கையை விட்டு, வாடிக்கையாளர் எண்ணிக்கையை எடையாக வைத்துக் கணக்கிடுங்கள்.

கடை நடத்துபவர்: எங்கள் கடையில் பில் போடும்போதே ஊழியர் டேப்லெட்டை நீட்டி ரேட்டிங் வாங்கிவிடுவார். எங்களுக்கு 88. மேலே சொன்ன கிளைகளைவிட நாங்கள் எவ்வளவோ மேல்!

தயவுசெய்து அப்படி ஒப்பிட வேண்டாம். எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 4 போட நிறையப் பேருக்கு மனம் வராது. வீட்டுக்குப் போனபின் லிங்க் வழியாகக் கேட்கும் கிளையின் எண்ணும் உங்கள் எண்ணும் வேறு வேறு நிலைமையில் எடுத்தவை. இதே கிளைகளுக்குள்ளும் ஒன்று டேப்லெட், ஒன்று லிங்க் என்றால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

ஊழியரின் போனஸும் இதோடு கட்டப்பட்டிருந்தால் பதிவான நேரத்தைப் பாருங்கள். கடை மூடும் வேளையில் ஐந்தே நிமிடத்தில் வரிசையாக 10, 10 என்றே விழுந்து, ஒன்றில்கூடக் கருத்து எழுதப்படவில்லை என்றால், அதை வாடிக்கையாளர் போட்டிருக்க வாய்ப்பு குறைவு. 2003-இல் இந்த அளவை ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் முன்வைத்த ஃப்ரெட் ரைக்ஹெல்ட், இப்படி ரேட்டிங்கைக் கேட்டு வாங்கும் பழக்கத்தைப் பின்னாளில் தானே கண்டித்தார்.

வடக்குக் கிளை மேலாளர், மறுபடியும்: சரி, 13 புள்ளி வித்தியாசத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் புகார் கவுண்டர் தெற்கில்தான் இருக்கிறது. அது அவர்களுக்கு அநியாயம் இல்லையா?

நல்ல கேள்வி. எதிர்க் கிளைக்காக நீங்களே கேட்பது மகிழ்ச்சி. வந்த காரணம் பதிவாகியிருந்தால் தெற்கின் 400 பேரைப் புகாருக்கு வந்தவர்கள், மற்றவர்கள் என்று பிரியுங்கள். வடக்கை இரண்டாவது கூட்டத்தோடு மட்டும் வைத்துப் பாருங்கள். பிரித்தால் n இன்னும் குறையும், எல்லை இன்னும் விரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிக்கையில் எதைப் போடுவது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பிரித்த எண்தான் நியாயம் என்கிறார்கள் சிலர். புகாரோடு வந்தவரும் வாடிக்கையாளர்தானே, அவரை ஏன் ஒதுக்க வேண்டும் என்பது மற்றவர்கள் வாதம். நான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் n எழுதிக் கொடுக்கிறேன்.